பாலக்கோட்டு பஸ்ஸும் நர்ஸம்மா வூட்டுக்காரரும்

யுத்த காலத்தில் என் மனைவியைத் தர்மபுரி சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அவள் நர்ஸ். நான் கடலூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. சர்க்கார் உத்தியோகத்தை விட்டுவிட்டு வக்கீல் குமாஸ்தாவின் வரும்படியை நம்ப நாங்கள் என்ன பைத்தியமா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்தான் அவள் பின்னால் போனேன். "பெண்டாட்டி பின்னாலே போறவன் உருப்பட்ட மாதிரிதான்" என்று என் அக்கா புருஷன் ஸ்டேஷன் வரை வந்து வாழ்த்தி வழியனுப்பினார்.

கடலூர்க் கோர்ட்டில் நான் தும்மினால் அமீனா முதற்கொண்டு 'தீர்க்காயுசு' சொல்வார்கள். தர்மபுரியில் தடுக்கி விழுந்தாலும் ஏனென்று கேட்க நாதியில்லை. ஒவ்வொரு வக்கீல் வீட்டுப் படியாக ஏறினேன். என் கையெழுத்தை யாரும் பார்க்கவில்லை, பிராது எழுதத் தெரியுமா என்றும் கேட்கவில்லை. "எத்தனை கட்சிக்காரங்களக் கொண்டாருவீங்க?" என்றுதான் கேட்டார்கள். கட்சிக்காரன் இல்லாத குமாஸ்தா, மாடில்லாத வண்டிக்காரன். புதிதாகப் போர்டு மாட்டி ஈ ஓட்டிக்கொண்டிருந்த சின்ன வக்கீல்கூட, "எனக்கே கேஸ் இல்லீங்க. ஒண்ணு கொண்டாங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார்.

சரி, கொண்டுவருவோம் என்று பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். பெட்ரோலுக்குப் பஞ்சமான அந்த நாளில் அடுப்புக்கரியில் ஓடிய கரி பஸ், பாலக்கோட்டிலிருந்து புகையைக் கக்கிக்கொண்டு வந்தது. பத்திரத்தைத் துண்டில் முடிந்துகொண்டு ஒருவர் இறங்கினார். "கோர்ட்டுக்கா?" என்று வாயைத் திறந்தேன். தோளில் ஒரு கை விழுந்தது. ஊரிலேயே பெரிய வக்கீலின் தலைமைக் குமாஸ்தா. வாய் நிறைய வெற்றிலை.

"ஊருக்குப் புதுசுங்களா? பாலக்கோட்டு பஸ்ஸு நம்மளுதுங்க. அதுல வர்ற கட்சிக்காரங்க வேற எங்கயும் போக மாட்டாங்க."

"பென்னாகரம் பஸ்?"

"அது என் மச்சானுதுங்க."

"அரூர்?"

"அதுக்கும் ஆளு இருக்குதுங்க."

"அப்போ எனக்கு?"

"உங்களுக்கு என்னங்க கொறை? நர்ஸம்மா வூட்டுக்காரரு! வூட்டுல சோறு இருக்குதில்லீங்க?"

அந்த ஊர்க்காரர்கள் செருப்பால் அடித்தாலும் 'ங்க' போட்டுத்தான் அடிப்பார்கள்.

அதற்கப்புறம் என் உத்தியோகம் ஆஸ்பத்திரிக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோவதுதான். தொழில் தெரிந்தவன் தூக்குப்பாத்திரத்தோடு தெருவில் நடப்பது எப்படி இருக்கும் தெரியுமா? ஆனாலும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். வேறென்ன செய்ய?

ஒருநாள் பிரசவ வார்டு வாசலில் என் மனைவி ஒரு பெண்ணைக் காட்டினாள். தங்கை பிரசவத்துக்குத் துணையாகப் பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்தவள். புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு இவளை அடித்துத் துரத்திவிட்டானாம். ஜீவனாம்சத்துக்கு வழக்குப் போட வேண்டும். எந்த வக்கீலும் தொடமாட்டேன் என்கிறார்.

"ஏன்?" என்றேன்.

"அவரு கோர்ட்டுல பெரிய குமாஸ்தாங்க" என்றாள் அந்தப் பெண்.

அடி சக்கை! என் தோளில் கைபோட்ட அதே மகராஜன்தான். வக்கீல் வீடுகளில் எல்லாக் குமாஸ்தாக்களும் அவனுக்கு மச்சானோ சிநேகிதனோ. என்னை அடைத்துவைத்த வேலிதான் அவளையும் அடைத்திருந்தது. குமாஸ்தாவே இல்லாத சின்ன வக்கீலிடம் நேராக அழைத்துப் போனேன். அவர் ஈ ஓட்டுவதை நிறுத்திவிட்டு வக்காலத்துக் காகிதத்தை எடுத்தார். கைரேகை வைத்தாள்.

சேதி எப்படித்தான் பறந்ததோ, பிராது தாக்கலாவதற்கு முன்பே தலைமைக் குமாஸ்தா வாழைப்பழச் சீப்போடு என் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"பொம்பள பேச்சக் கேட்டு நமக்குள்ள எதுக்குங்க? இந்தக் கேஸ வுட்டுடுங்க. பாலக்கோட்டு பஸ்ஸ உங்களுக்கே வுட்டுடறேன். எங்க வக்கீலய்யாகிட்டயும் எடம் பாத்துத் தர்றேன்."

என் வாயிலிருந்து 'முடியாது' என்று உடனே வந்துவிடவில்லை. பெரிய வக்கீல்! பாலக்கோட்டு பஸ்! நாக்கில் எச்சில் ஊறியது.

உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். "தாராளமா வாங்கிக்கோங்க" என்றாள் என்னிடம். "நாளைக்கே அந்த பஸ்ஸிலே ஏறி எங்கேயாவது போய்ச் சேருங்க. இந்த வீட்டுப் பக்கம் மட்டும் வராதீங்க."

வாழைப்பழம் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

வழக்கு நடந்தது. குமாஸ்தா பெஞ்சில் சாய்ந்து வெற்றிலை போடுகிறவன் பிரதிவாதியாகக் கூண்டில் ஏறி நின்றதைக் கோர்ட்டே வேடிக்கை பார்த்தது. ஜீவனாம்சம் தீர்ப்பாயிற்று. பிரசவ வார்டில் ஒரு சேதியை விட்டால் போதும், தண்டோரா எதற்கு? வழக்குப் போட வழி தெரியாத பெண்கள் எல்லாத் திக்கிலிருந்தும் வர ஆரம்பித்தார்கள். பஸ்களைப் பங்குபோட்டவர்கள் அதில் வரும் பெண்களைப் பங்குபோட மறந்திருந்தார்கள். சின்ன வக்கீல், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரேயிருந்த தன் திண்ணையில் எனக்கு மேஜை நாற்காலி வாங்கிப்போட்டார்.

எனக்கு ஒரு பெயர் உண்டு என்பதை அந்த ஊர் கடைசிவரை விசாரிக்கவே இல்லை. பாலக்கோட்டு பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்கள், அங்கே காவல் நிற்கும் வெற்றிலை வாயனிடம்தான் முதலில் கேட்பார்கள்.

"ஏங்க, நர்ஸம்மா வூட்டுக்காரரு எங்கீங்க இருக்காரு?"

அவன் தெருவில் ஒருமுறை துப்பிவிட்டு, என் பக்கமாகக் கையை நீட்டுவான்.

"அதோ, அங்கதாங்க."