பலகைக்குக் கீழே

நெல்லித்தோப்பில் பெயர்ப்பலகை செய்யும் கலியமூர்த்திக்கு ஒரு பாழாய்ப்போன பழக்கம். எழுத்துகளை அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, எதிர்ச்சாரியில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். மங்கலாகத் தெரியும்போதும் தமிழும் ஆங்கிலமும் ஒரே கனமாக இருக்க வேண்டும் அவருக்கு.

மகள் கவிநிலா தையற்கடை வைத்தபோது அந்தப் பழக்கம் பிடிவாதமாயிற்று. பலகையில் அவள் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே உயரத்தில் அடக்கினால் ‘வி’, ‘நி’யின் மேல்வளைவுகளுக்கு இடம்விட்டுத் தமிழ் சிறுத்துப்போனது. தமிழைப் பெரிதாக்கினார், கோடுகளைத் தடிப்பாக்கினார், மறுபடி ஒட்டினார்.

“போதும்ப்பா, மாட்டிடுங்க. போர்டு கீழ நின்னு போட்டோ எடுத்துக்கணும்,” என்றாள் மகள்.

“ரெண்டே நாளு கண்ணு. ஒம்பேரு எளைச்சுத் தெரியக்கூடாது.”

பலகை இல்லாமலே கடை திறந்தது. மறுநாள் கடைக்கு வரும் வழியில் லாரி மோதிக் கவிநிலா இறந்துபோனாள்.

ஆறு மாதம் கழித்து, இன்று அவள் தோழி சரிதா கடையை மீண்டும் திறக்கிறாள். பலகையை மாட்டியாயிற்று.

“ரெண்டும் சமமா தெரியுதா அங்கிள்?” என்று கேட்டாள் சரிதா.

எதிர்ச்சாரியில் நின்ற கலியமூர்த்தி கண்ணைச் சுருக்கவில்லை. எழுத்துகள் தாமாகவே மங்கியிருந்தன.

“சமமாத்தாம்மா இருக்கு,” என்றார். “கீழதான் யாரும் இல்ல.”