முதல் எறி

என் தம்பி அருமைநாயகம் அதிகம் பேசமாட்டான். ஆனால் கணக்கில் ஒரு சின்னப் பொய்யையும் பொறுக்கமாட்டான். 2006இல் தன்னாமுனைப் பெருந்தெருவில் நான்கு பழைய கம்ப்யூட்டர்களை வைத்து ஒரு விளையாட்டுக் கடை நடத்தினான். கதவடி மேசையில் இருந்து, யார் எத்தனை மணிக்கு விளையாடத் தொடங்கினார்கள், கரண்ட் எப்போது போய் எப்போது வந்தது என்று கொப்பியில் எழுதுவது என் வேலை.

வாங்கிய விளையாட்டுகளோடு அவன் தானே எழுதிய விளையாட்டு ஒன்றும் இருந்தது. வாவியில் ஒரு தோணி, எதிரே ஒரு முதலை. ஈட்டியால் எறிய வேண்டும். திரையில் எழுபத்தைந்து வீதம் என்று இருக்கும். ஒவ்வொரு எறிக்கும் கம்ப்யூட்டர் ஓர் எண்ணை எடுக்கும். அந்த எண் முக்கால் பங்குக்குள் விழுந்தால் ஈட்டி படும், மீதிக் கால் பங்கில் விழுந்தால் தவறும். பட்ட ஈட்டி இருபதில் ஒரு தடவை முதலையின் கண்ணில் ஏறும். அப்போது மூன்று மடங்கு காயம். இந்தக் கண் கணக்கை மட்டும் திரையில் காட்டாமல் வைத்திருந்தான். கண்ணில் ஏறும்போது கடையே கூவும்.

சீலன் வரத் தொடங்கியதும் கூவல் குறைந்தது. அவனுக்கு இருபது வயது இருக்கும். சந்திக்கு அப்பால் இருந்த ஆயுதக் குழுவின் முகாமில் இருந்து வருவான், துவக்கை மடியில் வைத்துக்கொண்டு விளையாடுவான். அவன் உள்ளே வந்தால் மற்றவர்கள் எழும்பி விடுவார்கள். யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை அவன் திரையில் விரலால் தட்டினான்.

"முக்கால்வாசி படும் எண்டு போட்டிருக்கிறாய். நான் எறிஞ்சா மட்டும் ஏன் மூண்டும் தவறுது?"

"தவறும் அண்ணன். நாலில ஒண்டு தவறும். மூண்டு சேர்ந்து தவறுறது அறுபத்து நாலில ஒருக்கா. நீங்க ஒரு நாளைக்கு இருநூறு தரம் எறியிறீங்க. அதுக்குள்ள ரெண்டு மூண்டு தரம் அப்பிடி வரத்தான் செய்யும்."

தம்பியை விட சீலன் பத்து வயது இளையவன். ஆனாலும் அண்ணன் என்றுதான் தம்பி கூப்பிடுவான்.

"ரெண்டு தரம் தவறினா மூண்டாவது படோணுமே?"

"முந்தித் தவறினது அதுக்கு ஞாபகம் இருக்காது."

"உனக்கு ஞாபகம் இருக்கும்தானே. ஆர் இருக்கிறான் எண்டு பார்த்துத்தான் விடுறாய்."

தம்பி கம்ப்யூட்டரைத் தானே ஆயிரம் தரம் எறிய வைத்துக் காட்டினான். எழுநூற்று நாற்பத்தெட்டு பட்டது. சீலன் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"வெள்ளிக்கிழமை வருவன். எனக்கு முன்னால சரியா ஓடோணும். இல்லாட்டி என்னோட வந்து முகாமில விளங்கப்படுத்து."

முகாமுக்குப் போய் விளங்கப்படுத்திவிட்டு வந்த ஒருவரை எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது.

அன்று தம்பி சாப்பிடவில்லை. ஆயிரம் எறியின் கணக்கைக் கடதாசியில் எழுதித் திரும்பத் திரும்பப் பார்த்தான். "பிழை இல்ல அக்கா, பிழையே இல்ல" என்றான். நான் என் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீலன் பெயருக்கு நேரே இருந்த நேரமெல்லாம் கரண்ட் வந்த நேரம்தான். கரண்ட் போனால் அவன் வெளியே நின்று சிகரெட் பிடிப்பான். வந்ததும் முதலில் அவனைத்தான் இருத்துவார்கள். அப்போது அவன் எறிவதைப் பின்னால் நின்று பார்த்த ஞாபகமும் எனக்கு இருந்தது.

"தம்பி, கரண்ட் வந்த உடன எறியிற முதல் மூண்டும் எப்பவும் தவறுது."

"எப்பவும் எண்டு ஒண்டு இதில இல்ல."

"நிப்பாட்டிப் போட்டுப் பாரன்."

நிறுத்திப் போட்டான். தவறியது, தவறியது, தவறியது, பட்டது, பட்டது. மறுபடியும் நிறுத்திப் போட்டான். அதே ஐந்தும் அதே ஒழுங்கில் வந்தன. மூன்றாம் முறையும் அப்படியே.

அந்த எண்கள் உண்மையில் குலுக்கிப் போட்டவை இல்லையாம். ஓர் எண்ணில் தொடங்கி, கணக்குப் போட்டு அடுத்ததை எடுக்குமாம். தொடங்கும் எண்ணை மணிக்கூட்டில் இருந்து எடு என்று ஒரு வரி எழுத வேண்டும். அதை அவன் மறந்துவிட்டான். அதனால் ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் அதே எண்ணில் தொடங்கி அதே வரிசையில்தான் எடுத்திருக்கிறது. ஆயிரத்தைக் கூட்டிப் பார்த்தால் முக்கால்வாசி சரியாக வரும். முதல் மூன்றும் மட்டும் எப்போதும் தவறும். பயத்தில் எல்லோரும் சீலனுக்கு விட்டுக்கொடுத்தது அந்த முதல் மூன்றைத்தான்.

தம்பி அந்த வரியை எழுதினான். முகம் தெளியவில்லை.

"இனி வெள்ளிக்கிழமை மூண்டு தவறாதே?" என்று கேட்டேன்.

"தவறலாம். இருபது தரம் எறிஞ்சா, எங்கயாவது மூண்டு சேர்ந்து தவற அஞ்சில ஒரு பங்கு இடம் இருக்கு."

"ரெண்டு தவறினா மூண்டாவது படுற மாதிரி எழுது."

"அப்ப திரையில போட்டிருக்கிறது பொய் அக்கா."

"பொய்யா இருக்கட்டும் மனே. எனக்கு நீ இருந்தாப் போதும்."

அவன் வியாழன் முழுவதும் கடையைப் பூட்டி வைத்திருந்தான். நான் களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கரண்ட் வந்தது. சீலனும் வந்தான். எல்லோரும் எழும்பினார்கள். முதல் எறி தவறியது. இரண்டாவதும் தவறியது. நான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்றாவது பட்டது. திரையைப் பார்க்காமலே அவன் நின்ற நிலையில், நான் கேட்டபடி எழுதியிருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. சீலன் நாற்பது தரம் எறிந்தான். இரண்டுக்கு மேல் ஒருமுறையும் சேர்ந்து தவறவில்லை. ஒருமுறை கண்ணிலும் ஏறியது.

"இப்பதான் நியாயமா ஓடுது" என்றான். சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "அப்ப முந்தி ஏமாத்தியிருக்கிறாய்."

சீலன் துவக்கை எடுத்துக்கொண்டு எழும்பினான்.

அதுவரை நான் அவனோடு ஒரு சொல்லும் பேசியதில்லை. கொப்பியைத் திறந்து அவனுக்கு முன்னால் வைத்தேன்.

"தம்பி, கரண்ட் வந்த உடன எறியிற முதல் மூண்டும் முந்தி ஆர் எறிஞ்சாலும் தவறும். மெசினில ஒரு பிழை இருந்தது. இவனுக்கும் தெரியாது. நீங்க வந்தா எல்லாரும் எழும்பி உங்களைத்தான் முதல் இருத்துறாங்க. அதால அந்த மூண்டும் உங்களுக்கே விழுந்தது. நேரம் கிடக்கு, பாருங்க."

அவன் கொப்பியில் தன் பெயரை விரலால் தேடினான். ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு சுவரோரம் நின்ற பொடியன்களைப் பார்த்தான். ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கொப்பியை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த நாளும் கரண்ட் வந்தபோது வந்தான். வாசலிலேயே நின்றான்.

"இண்டைக்கு வேற ஆராவது முதல் எறியுங்க."

ஒருவரும் அசையவில்லை. கதிரை வெறுமையாகக் கிடந்தது.

"எறியுங்கடா."

கடைசியில் தம்பிதான் போய் இருந்தான். எறிந்தான். தவறியது. யாரோ மூச்சை இழுத்தார்கள். மறுபடி எறிந்தான். அதுவும் தவறியது. அடுத்தது கட்டாயம் படும் என்பது அந்தக் கடையில் எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும்.

தம்பி விசைப்பலகையில் இருந்து கையை எடுத்தான். கதிரையை விட்டு எழும்பி, சீலனுக்கு வழி விட்டான்.

"எனக்குச் சரிவராது. நீங்க எறியுங்க அண்ணன்."