மொய்ப் பெட்டிக்குள் போன இரண்டாம் தவணை

என் மகள் நர்சிங் படித்த காலத்தை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது கள்ளக்குறிச்சியில் பத்திரம் எழுதுபவரின் சின்னக் கடை. விசிறி சுற்றும். காற்று மட்டும் வராது. என் தங்கை கணவரிடம் ஒரு லட்சம் கடன் வாங்க அங்கே உட்கார்ந்திருந்தோம். அவர் உளுந்தூர்பேட்டையில் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல் வைத்திருந்தார்.

"அண்ணனுக்குக் குடுக்கறதுக்குப் பத்திரமா?" என்று தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாயால பேசினா நாளைக்கு நமக்குள்ள சண்டை. எழுதி வெச்சா சண்டை பத்திரத்தோட போயிடும். இன்னா மச்சான்?" என்றார் அவர்.

நான் சிரித்தேன். பிடித்திருந்தது.

ஆவணியில் எழுதினோம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. மாசியிலும் ஆவணியிலுமாக ஐந்து தவணை. ஒவ்வொன்றுக்கும் அசல் இருபதாயிரம், அதோடு மீதி அசலுக்கு ஆறு மாத வட்டி. ஒவ்வொரு தவணைத் தொகையையும் பத்திரத்தில் தனித்தனியாக எழுதினார்கள். கட்டியதைப் பத்திரத்தின் பின்பக்கம் எழுதி அவர் கையெழுத்திட வேண்டும். தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் மீதி முழுவதையும் உடனே கட்ட வேண்டும், அதற்கு வட்டி ஒன்றரை ரூபாய். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். பத்திரம் அவரிடம், ஜெராக்ஸ் என்னிடம்.

மாசியில் மரவள்ளி விற்ற பணத்தில் இருபத்தாறாயிரம் கட்டினேன். பின்பக்கம் எழுதிக் கையெழுத்திட்டார். அன்று அவர் ஓட்டலில் தின்ற பரோட்டாவின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அடுத்த ஆவணியில் தவணை நாளும் தங்கை மகளின் மஞ்சள் நீராட்டு விழாவும் ஒன்றாக வந்தன. நான் தாய்மாமன். தட்டு வரிசை, பட்டுப்பாவாடை, மாலை என்று சீர் செய்ததில் கை காலி. மாடு விற்று வைத்திருந்த தவணைப் பணம் இருபத்து நாலாயிரத்து எண்ணூறு மட்டும் சட்டைப்பையில் இருந்தது. மண்டப வாசலில் மாப்பிள்ளையிடம், அதாவது தங்கை கணவரிடம், நீட்டினேன். அவர் இரண்டு கையிலும் சாம்பார் வாளி.

"மச்சான், அந்த டேபிள்ல குடுத்துடுங்க. பெட்டில பத்திரமா இருக்கும்."

கொடுத்தேன். மொய் எழுதியவர் எண்ணிப் பார்த்தார். "இன்னா மாமா, மொட்டையா வெக்கிறீங்க? ஒத்த ரூபா போடுங்க." நானும் பழக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டேன். அடுத்த நொடி மைக் அலறியது: "தாய்மாமன் மொய் இருபத்தி நாலாயிரத்து எட்நூத்தி ஒண்ணு!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. தங்கையின் மாமியார், அதுவரை என்னிடம் நல்ல வார்த்தை பேசாதவர், "அண்ணன்னா இப்படி இருக்கணும்" என்றார். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது தவணைப் பணம் என்று அங்கே எப்படிச் சொல்வது? பிறகு சொல்லலாம் என்று சாப்பிட உட்கார்ந்தேன். தங்கையைப் பார்க்கும்போதெல்லாம் அவள் அந்த மொய்யைப் பற்றியே பேசினாள். அந்தப் 'பிறகு' வரவே இல்லை.

அடுத்த மாசியில் மரவள்ளி விலை படுத்துவிட்டது. தவணை கட்ட முடியவில்லை. மாப்பிள்ளை பத்திரத்தோடு வந்தார், தங்கையும் கூட வந்தாள்.

"மச்சான், ரெண்டு தவணை போச்சு. எனக்கும் ஓட்டல் வாடகை ஏறிப்போச்சு. எண்பதாயிரம் மொத்தமா வேணும்."

என்னிடம் விற்க நிலம் ஒன்றுதான் மிச்சம். இல்லையென்றால் மகளின் அந்த வருடக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம். விடுமுறைக்கு வந்திருந்த மகள் கதவோரம் நின்று, "நான் வேணா நின்னுடறேம்ப்பா" என்றாள். அப்போதும் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

தங்கை ஜெராக்ஸை எடுத்து விரலால் தடவிப் படித்தாள். இரண்டாம் தவணைக்கு வந்ததும் விரல் நின்றது.

"இருபத்தி நாலாயிரத்து எட்நூறு." என்னைப் பார்த்தாள். "ஏண்ணே, எவனாவது இந்தக் கணக்குல மொய் வெப்பானா?"

நான் தலையைக் குனிந்தேன்.

"மைக்ல சொன்ன அன்னிக்கே சொல்லித் தொலைக்கிறதுதானே!"

"உன் மாமியா அன்னிக்குத்தான் நல்ல வார்த்தை சொன்னாங்க. அதான்..."

சாம்பார் வாளி மாப்பிள்ளைக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பத்திரத்தைத் திருப்பி, விழா நாளின் தேதி போட்டு இருபத்து நாலாயிரத்து எண்ணூறு வரவு எழுதிக் கையெழுத்திட்டார்.

"அப்ப தவறினது ஒரு தவணைதான். பொறுத்துக் குடுங்க, அதுவரைக்கும் அதே வட்டி" என்றார். பிறகு, "அந்த ஒத்த ரூபா மொய்லயே இருக்கட்டும் மச்சான். தாய்மாமன் மொய் இல்லன்னு ஆயிடக் கூடாது."

தங்கை சிரித்தாள், அழுதாள். மாமியாரிடம் மட்டும் கடைசிவரை அவள் சொல்லவில்லை.

மகள் இப்போது வெள்ளிமலைப் பக்கம் நர்ஸ். அவள் தம்பி கல்லூரிக்குப் போகிறான், அவனுக்கும் கடன் வாங்கியிருக்கிறேன். கட்டிய அன்றே பின்பக்கத்தில் எழுதி வாங்காமல் நான் இடத்தை விட்டு எழுவதில்லை. ஆனாலும் எந்த மண்டபத்திலாவது மைக்கில் மொய் படித்தால், கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்விடுகிறது.