ஓ.டி. இல்லாத மாதத்தின் வாடகை

இடது கை கம்பிக் கற்றையை இறுக்கிப் பிடித்திருந்தது. வலது கை கறுப்பு டேப்பைச் சுற்றிக்கொண்டே போனது. ஒரு சுற்றின் பாதியை அடுத்த சுற்று மூட வேண்டும். குறைந்தால் கம்பி தெரியும், கூடினால் கற்றை தடித்துப் போய் வண்டியின் துளைக்குள் நுழையாது. சாய்ந்த பலகையில் அடித்த ஆணிகளுக்கு இடையே சிவப்பு, பச்சை, மஞ்சள் கம்பிகள் ஆற்றுக் கிளைகள் போலப் பிரிந்து கிடந்தன. விரல்கள் எதையும் பார்க்காமலே வேலை செய்தன. பார்க்க வேண்டிய கண்கள் வேறெங்கோ இருந்தன.

அவளுக்கு அந்த வரிசையில் டேப்பு என்று பெயர். வண்டிகளுக்கு வயர் கற்றை கட்டும் தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக டேப் சுற்றுகிறவளுக்கு வேறென்ன பெயர் வரும்? பயந்தாங்கொள்ளி என்றும் ஒரு பெயர் உண்டு, அது அவள் முதுகுக்குப் பின்னால். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டோமா என்று பாதி வழியில் திரும்பிப் போகிற ஜாதி அவள்.

அந்தக் காலை அவளைப் பிடித்திருந்த பயத்துக்குக் காரணம் அடுப்பல்ல. முதல் நாள் இரவு புருஷனிடம் "சரி" என்று சொல்லியிருந்தாள்.

அவனும் அதே தொழிற்சாலைதான். பிரஸ் ஷாப்பில் கம்பி முனைகளில் மாட்டுகிற பித்தளை டெர்மினல்களை அடித்துத் தள்ளும் மெஷினில் நைட் ஷிப்ட். போன எட்டு மாதமாக நைட்டுப் படியும் ஓவர்டைமும் சேர்ந்து அவன் சம்பளம் கொழுத்துப் போயிருந்தது. அடிப்படையும் வீட்டுப்படியும் பிடித்தம் போகக் கையில் பதினாலாயிரம். அதற்கு மேல் ஏழாயிரம், எட்டாயிரம் வரும்.

அவளுடைய வழக்கம் ஒன்றுதான். மாதம் பிறந்தால் எப்போதும் வருகிற பணத்தில்தான் குடும்பம் நடக்க வேண்டும். அவன் பதினாலாயிரம், அவள் பதினோராயிரம், மொத்தம் இருபத்தைந்து. மளிகை, பள்ளிக்கூடம், பஸ், மகளின் மருந்து, சீட்டு எல்லாம் பத்தொன்பதரை. வாடகை ஐந்து. மிச்சம் ஐநூறு. மேலே வருகிற நைட்டுக் காசும் ஓ.டி. காசும் தனிக் கணக்குக்குப் போய்விடும். அதைத் தொட அவனைக்கூட விடமாட்டாள்.

"ஓ.டி. காசு விருந்தாளிங்க. வந்தா காபி குடுக்கலாம், அறையைக் குடுக்க முடியாது" என்பாள். அவன் சிரிப்பான். "விருந்தாளி எட்டு மாசமா கட்டில்ல படுத்திருக்கான்டி!"

ஆனால் மகளுக்கு மூச்சிரைப்பு. குளியலறைச் சுவருக்குள் எங்கோ குழாய் கசிந்து, குழந்தை படுக்கும் மூலை முழுக்கப் பூஞ்சை. ஏழு வயதுப் பெண் இரவில் எழுந்து உட்கார்ந்து காற்றைத் தேடுகிறபோது எந்தக் கணக்கும் நிற்காது. இரண்டு தெரு தள்ளி வெயில் வருகிற வீடு ஒன்று, வாடகை ஒன்பதாயிரம். அவன் வீட்டைப் பிடித்து வைக்க ஐந்தாயிரம் டோக்கன் கொடுத்துவிட்டு வந்தான். மாதம் மூவாயிரத்தைந்நூறு இடிக்கும், ஓ.டி.யில் கட்டிக்கலாம் என்றான். அவள் மூன்று வாரம் மறுத்தாள். நேற்று ராத்திரி குழந்தை இருமி முடித்த பிறகு, "சரி" என்றாள்.

இன்று பகல் அவன் தூங்கி எழுந்து, இரண்டு மணிக்குப் போய் தனிக் கணக்கில் சேர்ந்ததிலிருந்து ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. பதினோரு மாதத்துக்குள் காலி செய்தால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது.

சாப்பாடு முடிந்து பலகைக்குத் திரும்பும் வழியில்தான் அவள் அதைப் பார்த்தாள். ஸ்டோர் வாசலில் டெர்மினல் பெட்டிகள். வழக்கமாக இடுப்பளவு இருக்கும். கொண்டுவந்த கையோடு வரிசைக்குப் போய்விடும். இன்று கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. பக்கத்திலும் ஒரு அடுக்கு. அதற்குப் பின்னாலும் ஒன்று.

ஒன்பது வருடமாக இந்த ஸ்டோரைப் பார்த்துப் பழகிய கண். டெர்மினல் தேங்கினால் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"அண்ணே, என்ன இவ்ளோ சேத்து வெச்சிருக்கீங்க?"

ஸ்டோர்க்காரர் அக்கம்பக்கம் பார்த்தார். "உன் வீட்டுக்காரர் அடிச்சதுதாம்மா எல்லாம். ரெண்டு மாசத்துக்குத் தாங்கும். இனி எதுக்கு அடிக்கணும்?"

"அப்ப நைட்டு?"

"நான் சொன்னேன்னு சொல்லாதே. ஒண்ணாந்தேதியிலேர்ந்து பிரஸ்ல நைட்டு கெடையாது. ஓ.டி.யும் கெடையாது. நாளைக்கு நோட்டீஸ் ஒட்டுவாங்க."

அவள் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். சுவரில் மணி ஒன்றரை.

போன் கேட்டில் இருக்கிறது. உள்ளே வரும்போதே எல்லோரும் போனை லாக்கரில் பூட்டிவிட வேண்டும், சூப்பர்வைசர் உட்பட. ஷிப்ட் மூன்று மணிக்குத்தான் முடியும். மூன்று மணிக்கு அந்த ஐம்பதாயிரம் வேறொருவன் பீரோவில் இருக்கும்.

பலகைக்கு வந்தாள். டேப்பை எடுத்தாள். ஒரு சுற்று பிறழ்ந்தது. பிரித்து மறுபடி சுற்றினாள். மறுபடியும் பிறழ்ந்தது.

வரிசையின் கடைசியில் கற்றைகளைச் சோதிக்கும் டெஸ்டர் மேஜையில் உட்கார்ந்திருந்த சோடா, கண்ணாடிக்கு மேலே பார்த்தாள். சோடாப்புட்டி அடி போல கனத்த கண்ணாடி. அதனால் அந்தப் பெயர். "என்னடி டேப்பு, கயிறு திரிக்கிறியா? பேய் பிடிச்ச மாதிரி இருக்கே?"

"அக்கா, அவர் பணத்தைக் குடுத்திடுவாரு."

"எந்தப் பணத்தை?"

சொன்னாள். சோடா கண்ணாடியைக் கழற்றினாள். "எழுந்திரு. போய் விசில்கிட்ட பர்மிஷன் கேளு."

சூப்பர்வைசருக்கு விசில் என்று பெயர், பேசும்போது பல்லிடுக்கில் காற்று வரும். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் விதிக்கு வெளியே ஒரு விரல் வைக்கமாட்டார்.

"வெளிய போகலாம்மா. கால் மணி நேரம் குடுக்கறேன். ஆனா பர்மிஷன் போட்டா இந்த மாச அட்டெண்டன்ஸ் காசு போயிடும். தெரியுமில்ல?"

"ஆயிரமா?"

"ஆயிரம். அது சம்பளமில்லையேம்மா. ஒரு நாள் கூடத் தவறாம வந்தா குடுக்கற ஊக்கத்தொகை. இத்தனை வருஷமா நீ ஒரு தடவை கூட விடல, அதான் உனக்குச் சம்பளம் மாதிரி தெரியுது."

அவள் அந்த இடத்திலேயே நின்றாள். தன்னுடைய பதினோராயிரத்தில் ஆயிரம் அவளுடையது அல்ல. குழந்தைக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் போகும். பஸ் நின்றால் போகும். விருந்தாளி என்று புருஷனின் காசைக் கிண்டல் செய்தவள், தன் விருந்தாளியை யாரென்றுகூடப் பார்க்காமல் வீட்டு ஆளாக்கி வைத்திருந்தாள். இருபத்தைந்து இல்லை, இருபத்து நாலு. பத்தொன்பதரை போனால் நாலரை. இப்போது இருக்கிற, பூஞ்சை பிடித்த, ஐயாயிரம் வீட்டுக்கே ஐநூறு குறைகிறது.

"எழுதிக் குடுங்க சார்" என்றாள். குரல் தன்னுடையதாகத் தெரியவில்லை.

கேட் வரைக்கும் ஓடவில்லை. ஓடினால் செக்யூரிட்டி நிறுத்துவார். விரைவாக நடந்தாள். லாக்கர் சாவி சட்டைப் பையில் இல்லை, கைக்குள்ளேயே இருந்தது. அதைக்கூட இரண்டு முறை தேடினாள். லாக்கரைத் திறந்து போனை எடுத்தாள். ரிங் போனது. போய்க்கொண்டே இருந்தது. தூக்கத்தில் இருக்கிறானா, வழியில் இருக்கிறானா, கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறானா? இரண்டாவது முறை எடுத்தான்.

"என்னடி, ஷிப்ட்ல போன்?"

"எங்க இருக்கீங்க?"

"புது வீட்டு ஓனர் வாசல்ல. சாரு சாப்பிடறாராம், உட்காரச் சொன்னாங்க. என்ன ஆச்சு? குழந்தைக்கா?"

"குழந்தை பள்ளிக்கூடத்துல. பணத்தைக் குடுக்காதீங்க. ஒண்ணாந்தேதியிலேர்ந்து உங்களுக்கு நைட்டு கிடையாது. ஓ.டி.யும் கிடையாது. டெர்மினல் கூரை வரைக்கும் கிடக்கு, கண்ணால பார்த்துட்டு வந்தேன்."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "பகல்ல ஓ.டி. போடுவாங்கடி. எப்பவும் போடுவாங்க."

"போடலாம். போடாமலும் இருக்கலாம். ஒன்பதாயிரத்தை 'லாம்'ல கட்ட முடியுமாங்க?"

"டோக்கன் குடுத்துட்டேனே! ஊரறிய வாக்குக் குடுத்திருக்கேன். ஆம்பளைன்னா ஒரு சொல்லு இருக்கணும்."

"டோக்கன் போகட்டும். ஐயாயிரம் போனா அழுதுக்கலாம். ஐம்பது போனா எழுந்திருக்க முடியாது." மூச்சு வாங்கினாள். "இன்னொண்ணு. நான் தப்புப் பண்ணிட்டேன். என்னோட அட்டெண்டன்ஸ் காசைச் சம்பளத்துல சேர்த்து வெச்சிருந்தேன். அது உறுதியில்லைங்க. அதை எடுத்துட்டா, இப்ப இருக்கிற வீட்டுக்கே ஐநூறு இடிக்குது."

அவள் கணக்கில் ஒரு பைசா பிசகி அவன் பார்த்ததில்லை. அதுதான் அவனை அசைத்தது.

"அப்ப புள்ளைக்கு?" என்றான் கடைசியில். குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

"விருந்தாளிக் காசு இருக்குல்ல, அதுல சுவத்தை உடைச்சு குழாயை மாத்துவோம். இப்ப இருக்கிற வீட்டு ஓனர் காசு தரலைன்னாலும் நாமே செய்வோம். ஒரு தடவை செலவு. மாசாமாசம் கழுத்துல உட்காராது."

"சாரு வர்றாரு" என்றான். செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ "வாங்க வாங்க" என்றார்கள். பிறகு அவன் சொல்வது தூரத்தில் கேட்டது: "மன்னிச்சிக்குங்க சார்... முடியல சார்... இல்ல சார், டோக்கனை நான் கேட்கல." லைன் அறுந்தது.

நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. அடுத்த மாதத்துக்கு ஐநூறு எங்கே வெட்டுவது? சீட்டை நிறுத்தலாமா? மளிகையில் எதை விடலாம்? இரண்டு பேரில் ஒருவரின் வேலையே போய்விட்டால்? பயம் ஓர் அறையிலிருந்து எழுந்து பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். போனைப் பூட்டிவிட்டு உள்ளே போனாள்.

பலகையில் அந்தக் கற்றை பாதியில் கிடந்தது. பிறழ்ந்த சுற்றைப் பிரித்தெறிந்தாள். இடது கையில் இறுக்கிப் பிடித்து, வலது கையில் புது டேப்பின் முனையை ஒட்டினாள். பாதி மேல் பாதி, பாதி மேல் பாதி. இந்தத் தடவை டேப் பிறழவில்லை. கடைசிக் கிளையையும் மூடி, கனெக்டர்களில் முனைகளைச் 'சிக்' என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்தி, ஒவ்வொன்றையும் லேசாக இழுத்துப் பார்த்து, கற்றையை ஆணிகளிலிருந்து கழற்றினாள்.

"பணத்தைக் குடுத்துட்டாரா?" என்றாள் சோடா.

"குடுக்கல."

"அப்ப மூஞ்சி ஏன்டி இப்படி?"

"மாசம் எப்படி ஓடும்னு இருக்குக்கா."

"எல்லாருக்கும் அதான். எனக்குக் கண்ணு தெரியலன்னு பயம், உனக்கு எல்லாமே தெரியுதுன்னு பயம்." சோடா கை நீட்டினாள். "குடு."

கற்றையின் இரண்டு முனைகளையும் பிடித்து, கீழே தொங்காமல் தூக்கி, டேப்பு அதை அவள் கையில் வைத்தாள்.