சீவிப்போன எழுத்து

கட்டடக்கலை நுழைவுத்தேர்வுக்கு மகளின் பையை அடுக்கியது நான்தான். விடைத்தாளில் வட்டம் நிரப்பக் கறுப்பு பால் பாயிண்ட் பேனா மட்டுமே. வேறு எதில் நிரப்பினாலும் அந்த விடை ஏற்கப்படாது. படம் வரைய ஒரு HB, ஒரு 2B பென்சில். எதற்கும் இருக்கட்டும் என்று நான்கு விதக் கறுப்புப் பேனா வைத்தேன். வகைப் பேர் போட்ட உறைகளை எல்லாம் கிழித்துக் குப்பையில் போட்டேன். பென்சில்களையும் நானே சீவினேன்.

தேர்வன்று காலை அவளும் அவள் அப்பாவும் திருநெல்வேலி மையத்து வாசலில் நின்றார்கள். கைக்குட்டையில் எல்லாவற்றையும் பரப்பி அவள் ஒரு படம் அனுப்பினாள். “எதும்மா பால் பென்? முக்கால் மணி நேரத்துல கேட்டைப் பூட்டிருவாங்க.”

எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊர்த் துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரை ஓட்டி, பேனா வாங்கிய கடைக்கே போனேன். கடைக்கார அண்ணாச்சி போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“மூடியக் கழட்டிட்டு, முனையும் ரீஃபிலும் தெரிய இன்னொரு படம் அனுப்பச் சொல்லுங்க தங்கச்சி.”

வந்தது. விரலால் பெரிதாக்கினார்.

“இந்தத் தடியன் மார்க்கர். முனை பஞ்சு கணக்கா இருக்கு பாத்தியளா. இது ரோலர், தண்ணி மை, ரீஃபில் இல்லாம உடம்புக்குள்ளயே கிடக்கு. இது ஜெல். ரீஃபில் குழாய்ல மைக்கு மேல கண்ணாடி கணக்கா பசை நிக்கி. ஒல்லி ரீஃபில்ல கெட்டி மை உள்ள இந்தக் கடைசிதான் பால் பென்.”

அது ரஃபுக்கு என்று நான் போட்ட மலிவுப் பேனா. “வழவழன்னு எழுதுதுல்ல, அதுலயே நிரப்பு” என்று நான் அவளிடம் எடுத்துக் கொடுத்திருந்தது ஜெல்.

“பென்சில்ல HB, 2Bங்கிற எழுத்தையே காணுமே?”

“நேத்து ராத்திரி சீவினேன் அண்ணாச்சி.”

“எழுத்து உள்ள பக்கத்தையா? படிச்சவங்கதான் இப்படிச் சீவுவாவ. வெறும் பக்கத்தத்தான் சீவணும்.” அவர் சிரிக்கவில்லை. “ஒரே தாள்ல, ஒரே அழுத்தத்துல ரெண்டயும் இழுக்கச் சொல்லுங்க. கறுப்பா விழுறது 2B.”

நுழைவுச்சீட்டு உறையின் பின்புறத்தில் இரண்டு கோடுகள் வந்தன. வெயிலில் எடுத்த படம். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. அண்ணாச்சி கடைக்கு உள்ளே, நிழலுக்குப் போய்ப் பார்த்தார்.

“வலது பக்கம். லேசா இருந்தாலும் வித்தியாசம் இருக்கு. அந்தப் பென்சில் கட்டையில நகத்தால ஒரு கீறு போட்டுக்கிடச் சொல்லுங்க.”

சொன்னேன். “சரிம்மா” என்றாள். பிறகு போனை அணைத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் வலது என்றது எங்களுக்கு வந்த படத்தில். அவள் கையிலிருந்த தாளிலும் அதே பக்கம்தானா என்று கேட்க நேரமில்லை.

வீட்டுக்கு வந்து குப்பைக்கூடையைக் கொட்டினேன். சீவல்களுக்கு நடுவே பொன்னிற எழுத்துத் துண்டு ஒன்று கிடைத்தது: ‘2B’. அதை வைத்து எந்தப் பென்சில் என்று சொல்ல முடியாது. ஆனாலும் சாயங்காலம் அவள் வரும்வரை உள்ளங்கையில் வைத்திருந்தேன்.

வந்தவள் கீறு போட்ட பென்சிலை மேசையில் வைத்தாள். “இது கறுப்பாத்தான்மா விழுந்துச்சு” என்றாள். முடிவு இன்னும் வரவில்லை. அடுத்த தேர்வுக்குப் பையை அவளே அடுக்கிக்கொள்கிறாள். அப்போது நான் அவள் அறைக்குள் போவதில்லை.