சத்தமில்லாத திட்டு

என் வீட்டுக்காரி என்னைத் திட்டுவதைக் காதால் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, மெட்ராஸ் வரை போய் மண்டையைத் திறந்துகொண்டவன் நான். ஊரில் எவனைக் கேட்டாலும் அந்தச் சத்தம் கேட்காமல் இருந்தால் போதும் என்றுதான் சொல்வான். என் கொழுப்பு, என்ன செய்ய?

எண்பதுகளின் பிற்பாதி அது. மாரண்டஹள்ளியில் எனக்கு டிரங்குப் பெட்டி செய்யும் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. நாள் முழுக்கத் தகரம் தட்டுகிறவனுக்குக் காது போனால் ஊர் என்ன சொல்லும்? "தட்டித் தட்டியே செவிடாயிட்டான்" என்றது. உண்மை அதுவல்ல. ஒரு மழைக்காலத்தில் மூளைக்காய்ச்சல் வந்து தருமபுரி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தேன். பிழைத்துக் கண் விழித்தபோது எதிரில் அவள் அழுதுகொண்டிருந்தாள். வாய் கோணிக்கொண்டு அழுகிறாள், சத்தம் மட்டும் வரவில்லை. ரெண்டு காதும் ஒரே அடியாகப் போயிருந்தது.

காதுக்கு வைக்கும் மிஷினை வாங்கி மாட்டிப் பார்த்தோம். எவ்வளவு கூட்டினாலும் காதுக்குள் ஏதோ உதறுவதுபோல இருந்ததே தவிர, ஒரு சொல் வரவில்லை. அதனால் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கப் பழகினேன். வீட்டுக்காரியும் எனக்காக வாயை நன்றாகத் திறந்து, நிதானமாகப் பேசக் கற்றுக்கொண்டாள். அப்படியும் பாதிதான் பிடிபடும், மீதியை நானே இட்டு நிரப்புவேன். உப்பு வாங்கி வரச் சொன்னால் பருப்போடு போய் நிற்பேன்.

ரெண்டு வருஷம் இப்படி ஓடியது. பிறகு ஒருநாள் தருமபுரி காது டாக்டர், மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காதுக்குள் கருவி பதிக்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். ரயிலேறினோம்.

அங்கே கேட்ட முதல் வாரத்திலேயே வைத்துவிட மாட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி ஆயிரம் கேள்வி. எந்த வயது வரை காது கேட்டது, பேச்சு எப்போது வந்தது, ரெண்டு காதுமா, மிஷின் வைத்தால் ஏதாவது உதவுகிறதா? நான் முப்பது வயதுக்கு மேல் வரை நன்றாகக் கேட்டுப் பேசியவன் என்பதுதான் எனக்கு இருந்த பெரிய தகுதி. பிறவியிலேயே கேட்காமல் வளர்ந்த ஒரு வாலிபரும் அன்று வந்திருந்தார். அவருக்கு வேண்டாம் என்று டாக்டர் அவருடைய அப்பாவிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். வீட்டுக்காரிதான் அதை எனக்கு விளக்கினாள்: பேச்சு எப்படிக் கேட்கும் என்பதை மூளை சின்ன வயதிலேயே பழகியிருக்க வேண்டுமாம். இத்தனை வயதுக்குமேல் வெறும் சத்தம் போனால் அதை வைத்துக்கொண்டு மூளைக்கு ஒன்றும் செய்யத் தெரியாதாம். அந்த அப்பாவின் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. என் அதிர்ஷ்டத்தை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

எனக்கும் இன்னும் ரெண்டு கண்டம் பாக்கி இருந்தது. மூளைக்காய்ச்சல் வந்தவர்களுக்கு உள்காதில் எலும்பு வளர்ந்து வழி அடைத்துவிடுவது உண்டு. அடைத்திருந்தால் கம்பி நுழையாது. அதைப் படம் எடுத்துப் பார்த்தார்கள், வழி இருந்தது. அடுத்து, செவிப்பறை வழியாக மெல்லிய ஊசியை உள்ளே விட்டு லேசாக மின்சாரம் கொடுத்தார்கள். நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. சத்தமாகத் தெரிகிறதா, வலியாகத் தெரிகிறதா என்று எழுதிக் காட்டிக் கேட்டார்கள். எங்கோ ஒரு வண்டு பறந்தது. "வண்டு, வண்டு!" என்று நான் கத்திய கத்தலில் நர்ஸ் ஜன்னலைப் பார்த்தார்.

கடைசியாக டாக்டர் எழுதிக் கேட்டார்: இதை வைத்துக்கொண்டு என்ன கேட்க ஆசைப்படுகிறீர்கள்?

"இவ திட்டுறது கேக்கணுங்க. வேற ஒண்ணும் வேணாங்க" என்றேன்.

வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து நத்தைக் கூட்டை வரைந்தார். அதுதான் உள்காது. அதற்குள் ஒரே ஒரு கம்பி போகும். காதோரம் இருக்கும் மைக் சத்தத்தைப் பிடிக்கும், சட்டைப் பையில் இருக்கும் பெட்டி அதை மின்சாரமாக மாற்றும், காதுக்குப் பின்னால் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் வட்டம் அதைத் தோல் வழியாக உள்ளே அனுப்பும், கம்பி நரம்பைத் தூண்டும். பழைய காது திரும்பி வராது. சத்தம் நீளமா குட்டையா, பெரிதா சின்னதா, எந்தத் தாளத்தில் வருகிறது, இவ்வளவுதான் தெரியும். உதட்டையும் சேர்த்துப் பார்த்தால் பேச்சு சுலபமாகும். "உங்க மனைவி குரல் பழைய மாதிரி இருக்காது. அதுக்குச் சம்மதம்னா மட்டும் வாங்க" என்று எழுதினார். குரல் எப்படி இருந்தால் என்ன, அவளுடையதாக இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

ஆபரேஷன் முடிந்து, காதுக்குப் பின்னால் புண் ஆறும் வரை சில வாரம் ஊரில் இருந்தோம். அதுவரை உள்ளே இருப்பது வெறும் கம்பிதான், ஒன்றும் கேட்காது. இது புரியாமல் பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து என் காதருகே கை தட்டிப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள்.

மறுபடி மெட்ராஸ். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா பெட்டியை மாட்டி, சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். திடீரென்று கரகரவென்று ஏதோ வந்தது. அந்த அம்மா வாயைத் திறந்தால் வருகிறது, மூடினால் நிற்கிறது. மனிதக் குரல் என்று சொல்லவே முடியாது, ஆனால் வருகிறது! எனக்கு அழுகை முட்டியது. வீட்டுக்காரி ரயில் டிக்கெட் வாங்க, துணைக்கு வந்திருந்த என் மச்சானோடு போயிருந்தாள். பரவாயில்லை, வீட்டில் போய் நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

ஊர் வந்தோம். கடையில் சுத்தியல் விழுந்தது, கேட்டது. பஸ் ஹாரன் கேட்டது, நாய் குரைத்தது கேட்டது. கழற்றி வைத்த வட்டம் டிரங்குப் பெட்டி மூடியில் ஒட்டிக்கொண்டு வர மறுத்ததுகூட எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் எதிரில் உட்கார்ந்து வீட்டுக்காரி பேசினாள், ஒன்றுமே கேட்கவில்லை. உதடு அசைகிறது, காது சும்மா கிடக்கிறது. என் மகள் பேசினாள், அதுவும் இல்லை. பெட்டியில் சத்தத்தைக் கூட்டினேன். தெருவில் போன லாரி மண்டைக்குள் ஏறியதுதான் மிச்சம்.

"தகரம் தட்டுறவருக்குத் தகரம்தான் கேக்கும்போல" என்று வீட்டுக்காரி உதட்டால் சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

எதற்காகப் போனேனோ அது ஒன்றுதான் கிடைக்கவில்லை. நாய் குரைப்பதைக் கேட்கவா மண்டையைத் திறந்தேன்? ஒரு வாரம் மாட்டினேன். பிறகு பெட்டியைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டேன்.

பரிசோதனைக்குப் போக வேண்டிய நாள் வந்ததும் ரெண்டு பேரும் துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி ரயிலேறினோம். பயிற்சி அம்மா மாட்டிப் பேசினார், பளிச்சென்று வந்தது. "இந்த ரூம்ல மட்டும்தாங்க வேலை செய்யுது. எங்க வூட்ல பொம்பளைங்க குரல் ஏறவே மாட்டேங்குது" என்றேன். அவருக்குப் புரியவில்லை. என் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார், வயரை மாற்றிப் பார்த்தார். பிறகு வீட்டுக்காரியைப் பார்த்து, வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே இவரிடம் பேசுங்கள் என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணை உருட்டி, வாயை அகலத் திறந்து, "மிஷினைக் கழட்டி அலமாரில போட்டா எப்படிங்க கேக்கும்? உங்களைக் கட்டிக்கிட்டு நான் பட்ற பாடு இருக்குதே" என்று நீட்டி முழக்கினாள். உதட்டில் எல்லாம் பிடிபட்டது. காதில் எதுவும் இல்லை.

பயிற்சி அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு ஒரு தாளில் எழுதி எனக்கு நீட்டினார்: "எனக்கும் கேட்கவில்லை. அவர் சத்தமே போடவில்லை!"

வீட்டுக்காரி தன் தொண்டையில் கை வைத்துப் பார்த்தாள்.

அப்புறம்தான் விளங்கியது. காது போன புதிதில் என்னிடம் கத்திக் கத்திப் பேசுவாள். கடையும் வீடும் ஒன்றாக இருப்பதால், எனக்குக் கேட்காத திட்டு தெருவுக்கெல்லாம் கேட்டது. அதனால் சத்தத்தை விட்டுவிட்டு உதட்டை மட்டும் அசைக்க ஆரம்பித்தாள். அதில் ஒரு சௌகரியம் வேறு. மாமியார் எதிரில், வாடிக்கைக்காரர் எதிரில், ஜமாத்துப் பெரியவர்கள் எதிரில், ஒருத்தருக்கும் தெரியாமல் என்னை வெளுத்து வாங்கலாம். என் மகளும் அவளைப் பார்த்து அப்படியே பழகிவிட்டாள். மற்றவர்களிடம் அவர்கள் பேசிய சத்தம் என் காதில் விழுந்திருந்தாலும், அந்தக் கரகரப்பில் எது யாருடையது என்று எனக்குத் தெரிந்திருக்காது. ரெண்டு வருஷமாகப் பழகிப் பழகி, என்னிடம் ஊமைப் பேச்சுதான் பேசுகிறோம் என்பது அவர்களுக்கே மறந்துபோயிருந்தது.

"சத்தமாச் சொல்லுங்கம்மா" என்றார் பயிற்சி அம்மா. அவளுக்கு வரவில்லை. என் முகத்தைப் பார்த்தாலே தொண்டை மூடிக்கொண்டது. வாயைத் திறந்தாள், மூடினாள், மூக்கு சிவந்தது. கடைசியில், "என்னங்க" என்றாள்.

கரகரப்புதான். தகரத்தில் ஆணி உருண்டதுபோலத்தான் இருந்தது. ஆனால் முன்னால் ஒரு சின்னச் சத்தம், பின்னால் ஒரு இழுப்பு. கல்யாணமான நாளிலிருந்து அந்த இழுப்பில் என்னைக் கூப்பிட்டவள் உலகத்தில் ஒருத்திதான்.

"எப்படிங்க இருக்குது என் குரல்?"

"சகிக்கல" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

பிறகு ஊரில் தினமும் பயிற்சி. அவள் ஒரு செய்தித்தாளை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு "பூ" என்றோ "வாழைப்பழம்" என்றோ சொல்வாள். நான் எது என்று சொல்ல வேண்டும். குட்டைக்கும் நெட்டைக்கும் வித்தியாசம் முதலில் பிடிபட்டது. அப்புறம் நீளத்தில் கொஞ்சம்தான் மாறும் சொற்கள், அப்புறம் பழகிய சின்ன வாக்கியங்கள். தப்பாகச் சொன்னால் தாளை இறக்கிவிட்டுத் திட்டு, சத்தத்தோடு. உதடும் சத்தமும் சேர்ந்து வந்தால் ஒரு சொல் தப்பாது. தாளால் வாயை மறைத்துவிட்டால் நான் பழைய செவிடன்தான், பயிற்சி அம்மா எழுதிக் கொடுத்த சொற்பட்டியலைத் தாண்டி ஒன்றும் விளங்காது.

ஒருநாள் அவள் தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். பூவும் இல்லை, வாழைப்பழமும் இல்லை. நீளமாக, மெதுவாக, நடுவில் ஒருமுறை நின்று, மறுபடி தொடர்ந்தது. பட்டியலில் இல்லாதது. தாளின் ஓரத்தில் அவள் கண் மட்டும் தெரிந்தது, கலங்கியிருந்தது.

"என்னா சொன்ன? இன்னொருக்கா சொல்லு" என்றேன். தாளைப் பிடித்து இழுத்தேன், விடவில்லை.

தாளுக்குப் பின்னாலிருந்தே ஒரு பதில் வந்தது. குட்டையாக, வெடுக்கென்று. உதட்டைப் பார்க்காமல், பட்டியலும் இல்லாமல், காது போன பிறகு நான் முழுதாகக் கேட்ட முதல் வார்த்தை அது.

"ஒண்ணுமில்ல."