மைக்ரோகிராமைக் காப்பாற்றிய ஒரு போன்

மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிய அமராவதியின் மகள் மேரிசெல்வி, வேதியியலில் முதுகலை முடித்து, புதுச்சேரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். அங்கே பேராசிரியர் சுலோசனா மரக்காணம் உப்பில் ஈயமும் காட்மியமும் எவ்வளவு இருக்கின்றன என்று ஆராய்ந்திருந்தார். அதை ஊர் மக்களிடமே சொல்ல வேண்டும் என்று மரக்காணத்தில் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார். வருகிறவர்களுக்குக் கொடுக்க, ஆய்வுச் சுருக்கத்தைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதும் வேலை மேரிசெல்விக்கு வந்தது.

மகிழ்ச்சியாகத்தான் உட்கார்ந்தாள். முதல் படியில் “காட்மியம் இல்லை” என்று எழுதியிருந்தாள். சுலோசனா அந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இல்லன்னு நாம சொல்ல முடியாதும்மா. நம்ம கருவிக்கு அஞ்சு மைக்ரோகிராமுக்குக் கீழ தெரியாது. அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.”

“காட்மியம், கருவி கண்டறியும் அளவுக்கும் கீழே, < 5 µg/kg” என்று அவள் திருத்தினாள். மைக்ரோகிராமுக்கு “மை.கி.” என்று போடலாமா என்றும் யோசித்தாள். மில்லிகிராமுக்கு “மி.கி.” என்று எழுதுவது வழக்கம். அவசரமாகப் படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ஒன்று மற்றதைப்போல ஆயிரம் மடங்கு. அதனால் குறியீடுகளை உலகம் முழுவதும் எழுதுவதுபோலவே விட்டுவிட்டாள். ஈயத்தின் வரி இப்படி அமைந்தது: “சராசரி 38 ± 6 µg/kg. இது அனுமதிக்கப்பட்ட அளவைவிட மிகக் குறைவு.”

வானூரில் ஓர் அச்சகத்துக்குக் கோப்பை அனுப்பினாள். அச்சகக்காரர் ராஜாங்கம் சரிபார்க்கப் படி அனுப்பியபோது தமிழ் வரிகளை எழுத்தெழுத்தாகப் படித்தாள். எண்கள் சரியாக இருந்தன. “போடுங்கண்ணே” என்றாள். அச்சான தாள்கட்டு மரக்காணம் போய்ச் சேர்ந்தது. மண்டபத்தில் நாற்காலி போட வந்த சிலர் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்கள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவளுக்கு ஒரு போன் வந்தது.

“காசிலிங்கம் பேசுறேன்மா, உப்பளம் வச்சிருக்கேன். உங்க நோட்டீஸ் பாத்தேன். அயோடினே கிலோவுக்கு முப்பது மில்லிகிராம் கணக்குலதான் நாங்க கலக்குறோம். ஈயம் முப்பத்தெட்டு மில்லிகிராம்னு போட்டிருக்கீங்களே? அப்புறம் கொறைவுன்னும் எழுதியிருக்கு. எனக்குப் புரியலைங்க.”

மேரிசெல்வி படியை எடுத்துப் பார்த்தாள். 38 ± 6 mg/kg. காட்மியத்திலும் mg.

“ஐயா, அது தப்பா அச்சாயிருக்கு. மைக்ரோகிராம்தான். நீங்க சொன்ன அளவுல ஆயிரத்துல ஒரு பங்குதான். இப்பவே சரி பண்ணிடறேன்.”

“சரிம்மா. பண்ணிட்டு சொல்லு.”

ராஜாங்கத்துக்குப் போன் போட்டாள். அவர் கோப்பைத் திறந்து பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. பேராசிரியரின் பழைய கட்டுரையிலிருந்து அவள் நகலெடுத்து ஒட்டிய µ, குறிகளுக்கென்றே உள்ள ஒரு தனி எழுத்துருவில் இருந்தது. அந்த எழுத்துருவில் m விசையை அழுத்தினால்தான் µ வரும். அச்சகத்தில் எழுத்துருவை மாற்றியதும் அது வெறும் m ஆகிவிட்டது. ± மட்டும் அப்படியே தப்பித்திருந்தது.

“எங்க ஆளு மாத்துனதுதாம்மா. நானும் கவனிக்கல. நீ பி.டி.எஃப்பா அனுப்பு, நாங்க கை வைக்காம அப்படியே ஓட்டிடறோம்” என்றார் ராஜாங்கம்.

மேரிசெல்வி µ-வை எல்லா இடத்திலும் புதிதாகத் தட்டச்சு செய்தாள். பக்கத்தின் மேலே ஒரு வரி சேர்த்தாள்: “µg என்பது மைக்ரோகிராம். 1000 µg = 1 mg.” இந்த முறை சுலோசனாவும் அவளும் குறியீடுகளை மட்டும் தனியாக ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார்கள். காலையில் ராஜாங்கமே வண்டியில் புதுக் கட்டைக் கொண்டுவந்தார். பழையதைக் கிழித்துச் சாக்கில் அடைத்தார்கள். வெளியே போனவற்றை அமராவதி தெருவில் வீடு வீடாகக் கேட்டு வாங்கி வந்தாள்.

கூட்டம் நல்லபடியாக நடந்தது. முடிந்ததும் மேரிசெல்வி காசிலிங்கத்தைத் தேடிப் போனாள்.

“நீங்க கேக்காம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சாலே பயமா இருக்குங்க.”

அவர் சிரிக்கவில்லை. “உண்மையச் சொல்றேன்மா, வாட்ஸாப் குரூப்புல திட்டி டைப் பண்ணிட்டேன். அனுப்பப் போனேன். தாளுக்குக் கீழ தமிழாக்கம் மேரிசெல்வின்னு பேரும் போன் நம்பரும் இருந்துச்சு. அமராவதி பொண்ணாச்சே, உங்க அம்மா எங்க பாத்தியில உப்பு வாரினவங்க. அந்தப் பொண்ணு நம்ம உப்பக் கெடுத்து எழுத மாட்டான்னு தோணிச்சு. அழிச்சிட்டுப் போன் போட்டேன்.”

மேரிசெல்வி கைகூப்பினாள். அம்மா தூரத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தாள். மேரிசெல்வி போய் இதைச் சொன்னபோது அமராவதி, “அந்த மனுஷன் அப்பவே யோசிச்சுதான் பேசுவாரு” என்றாள். பிறகு புடவையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த நாற்காலியை எடுத்தாள்.